ரோட்டுக்குக் கீழே முதல் மாடி

பதினோரு வருஷம் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் நான். தாளாளரிடம் வாயைக் கொடுத்து வேலையை விட்ட பிறகு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து விருந்தினர் விடுதியில் மேனேஜராகச் சேர்ந்தேன். முதலாளி போடிக்காரர், ஏலக்காய் வியாபாரி. வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்றார். இங்கிலீஷ்தானே, எனக்கு அது தண்ணி பட்ட பாடு என்று சொல்லிவிட்டு மலையேறினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் எதுவும் புரியாது. மலைச்சரிவில் கட்டிய மூன்று தளம். ரோடு மேலே போகிறது. ஜீப்பை விட்டு இறங்கினால் நேராக ஆபீஸ், சாப்பாட்டுக் கூடம், அதை ஒட்டி இரண்டு அறைகள். அங்கிருந்து வெளிப்புறமாகப் பதினெட்டுப் படி இறங்கினால் நடுத்தளம், மூன்று அறைகள். இன்னும் பத்தொன்பது படி இறங்கினால் அடித்தளம், அங்கே மூன்று அறைகள், வாசலைத் தாண்டினால் ஏலச்செடி. அதாவது, ஊரில் எல்லாரும் கட்டடத்துக்குள் போய் மேலே ஏறுவார்கள். இங்கே போய்க் கீழே இறங்க வேண்டும். மலையில் இது சாதாரணம். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் இதை ஒரு விஷயமாகவே நினைக்க மாட்டார்கள்.

ஆனால் வரைபடம் போட்ட எஞ்சினியர் தேனிக்காரர், சமவெளி மனுஷன். அஸ்திவாரம் எங்கே இருக்கிறதோ அதுதான் கிரவுண்ட் ஃப்ளோர் என்று அடியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்துவிட்டார். அடியில் இருப்பவை 1, 2, 3. நடுவில் 101, 102, 103. ரோட்டை ஒட்டி, ஒரு படிகூட இல்லாமல், செருப்பைக் கழற்றியதும் உள்ளே போய்விடலாம் என்று இருக்கிற அறைகள் 201, 202. செகண்ட் ஃப்ளோர். பித்தளையில் நம்பர் அடித்துக் கதவில் மாட்டியும் விட்டார்கள். புக்கிங் தளத்தில் விவரம் ஏற்றும்போது நான் அந்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே ஏற்றினேன். டீச்சர் இல்லையா, எழுதிக்கொடுத்ததைப் பிசகாமல் பார்த்து எழுதுவதில் நமக்கு மிஞ்சி ஆள் கிடையாது.

அறைகளைப் பார்த்துக்கொண்டது ராசிங்காபுரத்துக்காரி ஒருத்தி. என்னைவிட ஆறேழு வயது இளையவள். தினமும் காலையில் தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் வருவாள், சாயங்காலம் அதே ஜீப்பில் போவாள். அதற்கு முன்னால் அவளும் காயெடுத்தவள்தான். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, தூரில் காய்க்கும். சரிவில் குந்திக் குந்தித்தான் எடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் மழைநாளில் ஈரத்தில் வழுக்கி, வலது முட்டி திரும்பிவிட்டது. குந்தினால் எழ முடியாது. முதலாளி கருணை வந்து விடுதிக்குள் வேலை கொடுத்தார். கருணை என்று அவர் சொல்வார். கூலி என்னவோ தோட்டத்துக் கூலிதான்.

அவளுக்கு அறை நம்பர் எதுவும் வாயில் வராது. தமிழ் படிப்பாள், எழுதுவாள், ஆனாலும் 201 என்று சொல்ல மாட்டாள். "படி இல்லாத ரூமு" என்பாள். 101 "பதினெட்டுப் படி ரூமு". அடியில் இருப்பவை "முப்பத்தேழுப் படி". முட்டி போனவளுக்கு வேறு எந்தக் கணக்கு தேவைப்படும். எனக்கு அது அப்போது எரிச்சலாக இருந்தது. "நம்பரச் சொல்லிப் பழகு தாயி, வெளிநாட்டுக்காரங்க வர்ற இடம்" என்பேன். "சரிக்கா" என்பாள். அடுத்த நிமிஷம், "அக்கா, முப்பத்தேழுப் படியில சோப்பு இல்ல."

தினமும் காலையில் யார் யார் வருகிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுப்பேன். அறை எண், எத்தனை பேர், சிங்கிளா டபுளா. அவ்வளவுதான். போடி லாட்ஜுகளில் அப்படித்தான். ஒருத்தர் வந்தால் சிங்கிள், இரண்டு பேர் வந்தால் டபுள். நம் ஊரில் ரூமை ஆளை வைத்து எண்ணுவோமே தவிர, கட்டிலை வைத்து எண்ணுவதில்லை. கட்டில் ஒன்றா இரண்டா, ஒட்டியிருக்கிறதா தள்ளியிருக்கிறதா என்பதெல்லாம் தங்குகிறவன் பாடு. அதனால் புக்கிங்கில் ட்வின் என்று வந்தாலும் டபுள் என்று வந்தாலும் என் சீட்டில் டபுள்தான்.

டபுள் என்று கண்டால் ராசிங்காபுரத்துக்காரிக்கு ஒரு முறை உண்டு. வருகிற காரை எட்டிப் பார்ப்பாள். இரண்டு ஆண்கள் என்றால் கட்டில்களைப் பிரித்து நடுவில் முக்காலி போடுவாள். ஆணும் பெண்ணும் என்றால் சேர்த்து, மேலே பெரிய விரிப்பாக விரிப்பாள். "வந்தவுங்க வாயத் தொறந்து கேக்கக் கூச்சப்படுவாகள்ல" என்பாள். அவளுடைய நாகரிகம் அது. நானும் ஆமாம் என்றுதான் இருந்தேன்.

முதல் வில்லங்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு ஆணும் பெண்ணும், ட்வின் கேட்டிருந்தார்கள். அவர்கள் ஊரில் ட்வின் என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில். டபுள் என்றால் இரண்டு பேருக்கு ஒரே கட்டில். நான் வழக்கம்போல டபுள் என்று எழுதினேன். அவளும் எட்டிப் பார்த்து, கட்டில்களை ஒட்டி, போதாக்குறைக்குத் தலையணைமேல் நாலு செம்பருத்தியும் வைத்துவிட்டாள். அவர்கள் அண்ணன் தங்கச்சி. அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பாட்டுக் கூடத்துச் சோபாவில் காலை மடக்கிப் படுத்துத் தூங்கினார். ஊருக்குப் போய்த்தான் பேசினார், புக்கிங் தளத்தில், விலாவாரியாக.

முதலாளிக்கு அந்த விமர்சனங்களை நான்தான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். "ரூமு பாக்குற அம்மா எங்க கட்டிலச் சேத்துப் போட்டு பூவும் வச்சிருந்தாங்கன்னு எழுதியிருக்காங்க மொதலாளி" என்றேன். அதற்கு முந்தின வரியில், நாங்கள் தெளிவாக ட்வின் என்று கேட்டு, விடுதி உறுதியும் செய்திருந்தது என்று இருந்தது. அந்த வரியை நான் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லவில்லை என்று இத்தனை நாள் கழித்துப் பூசி மெழுகினால் என்னையே எனக்குப் பிடிக்காது. தெரிந்துதான் விட்டேன். பயம். வேறு வேலை தேடி எந்த வாசலில் நிற்பது என்ற பயம்.

"ஏம்மா, ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி" என்று அவர் அவளைப் பிடித்து ஏறினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அடுத்தது ஆன்சூட். இந்த வார்த்தையைப் பதினோரு வருஷத்தில் நான் ஒரு பாடத்திலும் பார்த்ததில்லை. நம் ஊரில் அட்டாச்டு என்றால் முடிந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் படித்துவிட்டு, சூட் ரூம் என்றீர்களே, ஹால் எங்கே, சோபா எங்கே என்று என்னிடம் மல்லுக்கு நின்றது தனிக் கதை. அதன் அர்த்தம், படுக்கையறைக்குள்ளேயே கதவு திறந்து குளியலறைக்குப் போகலாம் என்பது. எங்கள் 3ஆம் நம்பருக்கு அப்படி இல்லை. குளியலறை தனியாக, அந்த அறைக்காரருக்கு மட்டும்தான், சாவியும் அவர்களிடமே. ஆனால் வராந்தாவைக் கடந்து போக வேண்டும். தனிக் குளியலறைதானே, பொதுக் குளியலறை இல்லையே என்று நான் ஆன்சூட் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து தனியாக ஒரு பெண் வந்தாள். காலை ஏழு மணிக்கு, துண்டைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் கால் வைத்தாள். எதிரே கீழ்ப்பாதையில் தோட்டத்து ஆட்கள் இருபது பேர் வரிசையாக வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் மரியாதைக்காரர்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள். வரிசையில் கடைசியாக வந்த கிழவர் மட்டும் கும்பிட்டு வணக்கம் சொன்னாராம். சொல்லாமல் போனால் தப்பாக நினைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாராம். அந்தப் பெண்ணும் துண்டைப் பிடித்த கையை விட முடியாமல், தலையை மட்டும் ஆட்டி வணக்கம் சொன்னாள். அதையும் எழுதினாள். குளியலறை வெளியே இருப்பதாக அறை பார்க்கும் பெண்மணி காட்டினார் என்றும் எழுதினாள்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். எல்லா விமர்சனத்திலும் அவள்தான் இருப்பாள். விருந்தாளி கண்ணுக்குத் தெரிகிறவள் அவள். கட்டிலை நகர்த்தியவள், சாவியைக் கொடுத்தவள், கதவைக் காட்டியவள். கம்ப்யூட்டரில் டிக் அடித்த விரலை யார் பார்த்தார்கள். முதலாளியிடம் படித்துச் சொல்லும்போது அந்த அறை பார்க்கும் பெண்மணி வரியை மட்டும்தான் சொன்னேன், டிக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ ரூமப் பத்தி எவனாச்சும் எழுதுனான்னா, அவ திரும்பக் காயெடுக்கப் போகட்டும் டீச்சர். உள் வேலைக்கு வேற ஆளப் பாப்போம்."

அந்த முட்டியோடு அவள் சரிவில் குந்தினால் ஒரு வாரம் தாங்க மாட்டாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் காதிலும் விழுந்தது. அன்றைக்கு முழுக்க எல்லா அறையிலும் தரையை இரண்டு தடவை துடைத்தாள்.

அதற்குப் பிறகு நான் ரொம்ப ஜாக்கிரதையாகிவிட்டேன். ட்வின் என்றால் சீட்டில் "கட்டில் தனித்தனி" என்று எழுத ஆரம்பித்தேன். 3ஆம் நம்பருக்கு டிக்கை எடுத்தேன். இனிமேல் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பேன் என்று எனக்குள் சபதம் வேறு. அப்போதுதான் ஒரு அம்மாவும் மகளும் எழுதினார்கள்.

அம்மா அமெரிக்கா. மகள் லண்டனில் குடியேறியவள். மகள் எழுதியிருந்தாள்: அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, கிரவுண்ட் ஃப்ளோரில் ட்வின் வேண்டும், ஆன்சூட்டாக இருக்கட்டும். மறுநாள் அம்மா தனியாக எழுதினாள்: எனக்கு முட்டி புதுசு, தயவுசெய்து ஃபர்ஸ்ட் ஃப்ளோர் மட்டும் கொடுங்கள், வேறு எங்கேயும் போட்டுவிடாதீர்கள்.

நான் என்ன நினைத்தேன் என்றால், அம்மாவுக்கும் மகளுக்கும் ஆகவில்லை. மகள் கீழே வேண்டும் என்கிறாள், அம்மா வீம்புக்கு ஒரு மாடி மேலே வேண்டும் என்கிறாள். எந்த வீட்டில் இல்லாதது. முட்டி போனாலும் முறுக்குப் போகவில்லை பார் என்று சிரித்துக்கொண்டேன். பெரியவள் பேச்சுத்தான் எடுபட வேண்டும் என்று நானே பஞ்சாயத்துப் பண்ணி, 101 கொடுத்தேன்.

காலையில் சீட்டைக் கொடுக்கும்போது இந்தக் கூத்தை ராசிங்காபுரத்துக்காரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"முட்டி ஆப்பரேசன் பண்ணுனவுங்களாக்கா?"

"ஆமா."

"அப்ப படி இல்லாத ரூமு குடுங்க. எதுக்குப் பதினெட்டுப் படி எறக்குறீக?"

"அது செகண்ட் ஃப்ளோர். அவுங்க கேட்டது ஃபர்ஸ்ட் ஃப்ளோர். எழுதியே கேட்ருக்காங்க, நீ பாத்தியா நான் பாத்தனா?"

"அவுக என்னமும் கேக்கட்டும்க்கா. முட்டி என்ன கேக்குதுன்னு பாக்கணும்ல."

"ஒன் சோலியப் பாரு தாயி. இங்கிலீஷ நான் பாத்துக்குறேன்."

அதுவும் போக, 202இல் ஏற்கெனவே ஆள் இருந்தது, 201ஐச் சென்னையிலிருந்து வரும் புதுமணத் தம்பதிக்குக் கொடுத்திருந்தேன். மேல்மாடி, உச்சியிலிருந்து மேகம் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார்கள். மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் ரோடும் ஜீப்பும்தான் தெரியும் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வது.

தம்பதி பதினோரு மணிக்கு வந்தபோது நான் தண்ணீர் மோட்டார் சரிபார்க்க வந்தவனோடு தோட்டத்துக்குள் சண்டையில் இருந்தேன். அவள்தான் அவர்களை வரவேற்றாள். அம்மாவும் மகளும் ஒரு மணி வாக்கில் வந்தார்கள். அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். கையில் தடி. வாட்டசாட்டமான உடம்பு. ரோட்டில் நின்று கட்டடத்தைப் பார்த்து, ஒரே தளம், நல்லவேளை என்று மகளிடம் சொன்னாள். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தளம்தான் தெரியும். நான் சிரித்த முகத்தோடு, உங்கள் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் அறை தயார் என்று சொல்லிப் படிக்கட்டைக் காட்டினேன்.

இரண்டு பேரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மா, இரண்டு மூன்று படிதான் இருக்கும் போல என்று இறங்க ஆரம்பித்துவிட்டாள். படிக்கட்டு ஐந்தாம் படியில் வளைகிறது. வளைவுக்கு அப்பால் கீழே எத்தனை இருக்கிறது என்பது மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. ஐந்தாம் படியில் நின்றவளுக்குத் தெரிந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்று எழுதினேனே என்றாள் அம்மா. கிரவுண்ட் ஃப்ளோர் என்று நான் எழுதினேனே என்றாள் மகள். ஏன் இரண்டு மாதிரி எழுதினீர்கள் என்று நான் கேட்டேன், எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் ஒன்றுதான் என்றாள். அமெரிக்காவில் தரையோடு இருப்பதுதான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். லண்டனில் அதைக் கிரவுண்ட் ஃப்ளோர் என்பார்கள், அதற்கு மேலே இருப்பதுதான் ஃபர்ஸ்ட். இரண்டு பேரும் ஒரே அறையைத்தான் கேட்டிருக்கிறோம், படியே இல்லாத அறையை.

அப்படிப்பட்ட அறை ஒன்று ரோட்டை ஒட்டி இருக்கத்தான் செய்தது. நான்தான் அதைச் சென்னைக்காரர்களுக்கு மேல்மாடி என்று கொடுத்திருந்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி ஜீப்பு வந்து நின்றது. இறங்கினார், படியில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரம்மாவைப் பார்த்தார், நொண்டிக்கொண்டே வந்த ராசிங்காபுரத்துக்காரியைப் பார்த்தார். அவருக்கு அது போதும்.

"மறுபடியும் நீதானா? எந்த ரூமக் குடுத்துத் தொலச்ச?"

அவள் நேரே படியிறங்கி அந்த அம்மா பக்கத்தில் போய் நின்றாள். தன் சேலையைக் கொஞ்சம் தூக்கி, வீங்கின வலது முட்டியைத் தட்டிக் காட்டினாள். அந்த அம்மா தன் இடது முட்டியைக் காட்டினாள். பிறகு இவள் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் மேல்படியில் வைத்து, கெட்ட காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, நின்று, மறுபடி நல்ல கால் என்று ஏறிக் காட்டினாள். திரும்ப இறங்கி, அந்த அம்மாவின் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பினாள். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது கெட்ட கால். அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிற வேலை அது. துடைப்பமும் வாளியுமாக அவள் அப்படி ஏறுவதை நான் ஆபீஸ் ஜன்னலில் இருந்து தினம் பார்த்திருக்கிறேன், மந்தமாக ஏறுகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

ஐந்து படி ஏற ஐந்து நிமிஷம் ஆனது. மேலே வந்ததும் அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து 201ஐத் திறந்தாள். உள்ளே இரண்டு கட்டில், தனித்தனியாக, நடுவில் தடி ஊன்றி நடக்க இடம் விட்டு. குளியலறைக் கதவு அறைக்குள்ளேயே. கதவோரம் பிளாஸ்டிக் முக்காலி, குளிக்கும்போது உட்கார.

"சென்னைக்காரங்க?" என்றேன்.

"கீழ முப்பத்தேழுப் படியில விட்டுட்டேன். அங்கதான் மேகம் ரூமுக்குள்ள வரும்னேன். ரெண்டும் குதிச்சுக்கிட்டுப் போயிருச்சுக."

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் ஆங்கிலத்தில் அவரைப் பார்த்துக் கேட்டாள், குரல் கடுமையாகத்தான் இருந்தது: என் அம்மாவுக்குக் கீழே இருக்கிற அறையைக் கொடுத்தது யார்? அறைகளை யார் இப்படிப் பெயரிட்டு எழுதியது?

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன டீச்சர் சொல்றாங்க?"

அந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன சொன்னாலும் அதுதான் சரி. ரூமு பாக்குற அம்மா மேல வருத்தப்படுறாங்க என்று ஒரு வரி சொன்னால் போதும், அவர் நம்புவார். இதற்கு முன்னால் இரண்டு தடவை நம்பினவர். அவள் அந்த அம்மாவின் பையைத் தூக்கி அலமாரிமேல் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"அவுங்களுக்குக் கீழ் ரூம யாரு குடுத்ததுன்னு கேக்குறாங்க மொதலாளி. நான்தான் குடுத்தேன். இவ படி இல்லாத ரூமுதான் குடுக்கச் சொன்னா, நான் வையவும் செஞ்சேன். இன்னைக்கு மட்டும் இல்ல. அந்த அண்ணன் தங்கச்சி ரூமு, அந்த ஆஸ்திரேலியாப் பொண்ணு குளியலறை, அதெல்லாமும் நான் எழுதுனதுல வந்த வென. ஒங்ககிட்ட படிச்சுச் சொல்லும்போது பாதிய முழுங்கிட்டேன்."

சொல்லி முடித்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிட வேலை போய்விட்டது என்ற பயம். அவர் ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்தார். நான் எதிரே மாணவி மாதிரி நின்றேன்.

"பதினோரு வருசம் புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்த நீயி?"

"தெரியல மொதலாளி."

"அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குறத பூராத்தையும் அழி. அவகிட்ட கேட்டுக் கேட்டு எழுது. அவ சொல்றத எழுது. நீயா ஒண்ணும் எழுதாத."

அவ்வளவுதான். அன்றைக்கே அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, தளத்தில் இருந்த கிரவுண்டு, ஃபர்ஸ்ட், செகண்டு எல்லாவற்றையும் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் தட்டினேன். ரோட்டிலிருந்து இந்த அறைக்குப் படி கிடையாது. இந்த அறைக்குப் பதினெட்டுப் படி கீழே இறங்க வேண்டும். இதற்கு முப்பத்தேழு, கம்பி இடது பக்கம் மட்டும். கட்டில் இரண்டு, சேர்க்கலாம், பிரிக்கலாம், எப்படி வேண்டுமென்று எழுதுங்கள். குளியலறைக்கு அறைக்குள்ளிருந்தே கதவு. இதற்கு வராந்தாவைக் கடக்க வேண்டும், காலை ஏழு மணிக்கு ஆட்கள் போவார்கள். "அதுல துண்டு கட்டிக்கிட்டு வர வேணாம்னு போடுங்க" என்றாள். போடவில்லை. போட்டிருக்கலாம்.

சாயங்காலம் ஜீப்பு வந்தது. தோட்டத்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்பக்கம் கம்பியைப் பிடித்து நல்ல காலைத் தூக்கி வைத்தாள். நான் பக்கத்தில் போய், மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வராமல், "அந்த ரெண்டு தடவையும் ஒனக்கு ஏச்சு விழுந்ததுக்கு நான்தான்டி காரணம், ஒனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"நீங்க எழுதிக் குடுத்த சீட்டு அம்புட்டும் வச்சிருக்கேன். டபுளுன்னு ஒங்க கையெழுத்துலதான இருக்கு. அந்த இங்கிலாந்துக்காரம்மா ட்வின்னு ட்வின்னு சொல்லிக்கிட்டே ரெண்டு வெரலத் தனியாப் பிரிச்சுக் காட்டுச்சு. அப்பவே வெளங்கிருச்சு."

"அப்புறம் ஏன் அவருகிட்ட காட்டல? ஒன்னயக் காயெடுக்கப் போகச் சொன்னாருல்ல?"

அவள் கெட்ட காலையும் உள்ளே இழுத்து வைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"காட்டுனா ஒங்கள அனுப்பிருவாரு. நானாச்சும் நொண்டிக்கிட்டு ரெண்டு நாளு காயெடுப்பேன். ஒங்களுக்கு என்னக்கா தெரியும்?"

ஜீப்புக்காரன் ஆரன் அடித்தான். ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.